பிழை அறிக்கையை மூன்று பகுதிகளுக்குள் சுருக்குதல்: ‘கடலை’ தேடினால் ‘கடல்’ வந்த ஒரு பிழையை வைத்து

சிறு நூலகம் ஒன்றின் நூற்பட்டியல் மென்பொருளுக்கு வரும் பிழை அறிக்கைகளைப் படித்துத் தரம் பிரித்து, நிரலாளருக்கு அனுப்பும் வேலையைச் சில காலம் செய்தேன். அந்நூலகத்தின் பட்டியலில் 4,200 நூல்கள் இருந்தன. ஒரு நாள் நூலகரிடமிருந்து இப்படி ஓர் அறிக்கை வந்தது:

> வணக்கம். புதிய பதிப்பை நிறுவியதிலிருந்து தேடல் வேலை செய்வதில்லை. நேற்று ஒரு மாணவர் கடலை பற்றிய புத்தகம் கேட்டார். தேடினால் கடல், மீன்பிடிப்பு, கடலூர் வரலாறு என்று சம்பந்தமில்லாமல் 23 புத்தகங்கள் வருகின்றன. தமிழ் எழுத்துரு சரியாக நிறுவப்படவில்லை என்று நினைக்கிறேன். கணினியும் மெதுவாக இருக்கிறது. நேற்று அச்சிடும்போதும் ஒரு முறை நின்றுவிட்டது. மாணவர் வெறுங்கையோடு போனார். உடனே சரிசெய்து தரவும். படம் இணைத்திருக்கிறேன்.

இணைத்திருந்தது, கணினித் திரையைக் கைப்பேசியில் சாய்வாக எடுத்த ஒரு நிழற்படம். இந்த அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் நிரலாளரால் தன் கணினியில் எதைச் செய்து எதைப் பார்க்க வேண்டும் என்று அறிய முடியாது. இதை அவர் உடனே செய்து பார்க்கக்கூடிய செய்படிகள், எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு என்ற மூன்று பகுதிகளுக்குள் கொண்டுவந்தது எப்படி என்பதையும், இடையில் நான் செய்த ஒரு தவற்றையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதற்படி: கண்டதையும் கருதியதையும் பிரித்தல்

அறிக்கையை வாக்கியம் வாக்கியமாக எடுத்து, ஒவ்வொன்றையும் பார்த்து ‘இது திரையில் கண்டதா, மனத்தில் கருதியதா’ என்று கேட்க வேண்டும். ‘கடலை’ என்று தேடியதும் 23 நூல்கள் வந்ததும் கண்டவை. எழுத்துரு காரணமாக இருக்கும் என்பது கருத்து. ‘தேடல் வேலை செய்வதில்லை’ என்பது கண்டது போலத் தோன்றினாலும் அதுவும் கருத்துத்தான். ஏனென்றால் தேடல் வேலை செய்திருக்கிறது, 23 நூல்களைக் கொண்டும் வந்திருக்கிறது, அவற்றில் பெரும்பாலானவை வேண்டாத நூல்கள் என்பதுதான் குறை.

‘புதிய பதிப்பை நிறுவியதிலிருந்து’ என்ற சொற்றொடரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அது உண்மையானால் நிரலாளருக்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது. இரண்டு பதிப்புகளுக்கும் இடையில் மாறிய வரிகளை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் பழைய பதிப்பில் அதே தேடலைச் செய்து பார்த்த பிறகே அப்படி எழுதலாம். நான் பழைய பதிப்பை வேறொரு கணினியில் நிறுவித் தேடினேன். அதிலும் அதே 23 நூல்கள் வந்தன. புதிய பதிப்பு வந்த பிறகு யாரோ முதன்முறையாகக் கடலையைத் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சொற்றொடரை நீக்கினேன்.

கணினி மெதுவாக இருப்பதும் அச்சிடும்போது நின்றதும் வேறு இரண்டு செய்திகள். ஓர் அறிக்கையில் ஒரு பிழைதான் இருக்க வேண்டும். மூன்று பிழைகள் ஒரே அறிக்கையில் இருந்தால், ஒன்று சரியானதும் அறிக்கையை மூடிவிடுவார்கள். மற்ற இரண்டும் அதோடு மறைந்துபோகும். ஆகவே அவற்றைத் தனித்தாளில் குறித்துவைத்துவிட்டு இந்தத் தேடலுக்குத் திரும்பினேன். மாணவர் வெறுங்கையோடு போனதை, நூலகரின் வருத்தம் புரிந்தாலும், அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டாம் படி: நம் கையால் மீண்டும் வரவைத்தல்

சுருக்கத் தொடங்கும் முன் பிழையை நாமே ஒரு முறை வரவைக்க வேண்டும். வரவைக்க முடியாத பிழையிலிருந்து எதை நீக்கினாலும், நீக்கியதால் என்ன மாறியது என்று தெரியப்போவதில்லை. நூலகரின் பட்டியற்கோப்பை வாங்கி, என் கணினியில் திறந்து, ‘கடலை’ என்று தேடினேன். அதே 23 நூல்கள் வந்தன. பத்து முறை தேடிப் பார்த்தேன். பத்து முறையும் அவையே வந்தன. என் கணினியில் வேறு எழுத்துரு இருந்ததால், எழுத்துரு பற்றிய ஐயமும் இந்த ஒரு சோதனையிலேயே நீங்கியது.

பத்தில் மூன்று முறை மட்டும் வரும் பிழையாக இருந்தால், அதை அப்படியே ‘10 முறையில் 3 முறை’ என்று எழுத வேண்டும். அத்தகைய பிழையில் ஒன்றை நீக்கிய பிறகு ஒரே முறை செய்து பார்த்து ‘போய்விட்டது’ என்று முடிவுகட்டக் கூடாது. ஒவ்வொரு நீக்கலுக்குப் பிறகும் பத்து, இருபது முறை செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

தமிழ்ச் சொற்கள் வரும் பிழைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோதித்த சொல்லை அறிக்கையில் படமாகத் தராமல், படியெடுத்து ஒட்டக்கூடிய எழுத்தாகத் தர வேண்டும். பல எழுத்துருக்களில் துணைக்காலும் ரகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ‘ா’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ தட்டப்பட்டிருந்தால் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே தோற்றம்தான். நூலகர் அனுப்பிய நிழற்படத்திலிருந்து இவற்றில் எதையும் அறிய வழியில்லை என்பதால், அவர் தேடிய சொல்லை மின்னஞ்சலில் தட்டி அனுப்பச் சொல்லிச் சரிபார்த்தேன். அது ஒழுங்காகவே இருந்தது.

மூன்றாம் படி: ஒவ்வொன்றாக நீக்குதல்

சுருக்குதலின் விதி ஒன்றே ஒன்று: ஒரு பொருளை நீக்கு, அதே செயலைத் திரும்பச் செய், பிழை இருக்கிறதா என்று பார். இருந்தால், நீக்கிய பொருளுக்கும் பிழைக்கும் தொடர்பில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். பிழை போய்விட்டால், அந்தப் பொருள் தேவை. திரும்பச் சேர்த்துவிட்டு வேறொன்றை நீக்கு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், பிழை மறையும்போது இரண்டில் எது காரணம் என்று தெரியாமல் போகும். அவசரத்தில் நான் பல முறை இந்த விதியை மீறி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

இங்கே முதலில் நீக்க வேண்டியவை அந்த 4,200 நூல்கள். தவறாக வந்த நூல் எது என்று திரையிலேயே தெரிந்ததால் வேலை எளிதாக இருந்தது. காலியான புதிய பட்டியல் ஒன்றைத் தொடங்கி, கடலை பற்றிய நூல் ஒன்றையும் கடல் பற்றிய நூல் ஒன்றையும் சேர்த்துத் தேடினேன். இரண்டும் வந்தன. எந்தப் பதிவால் பிழை வருகிறது என்றே தெரியாத நேரத்தில் பாதிப் பாதியாக வெட்டிப் பார்க்கலாம்: 4,200 பதிவுகளில் பாதியை நீக்கி, பிழை எஞ்சிய பாதியில் இருக்கிறதா என்று பார்த்து, பிழை உள்ள பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் பாதியாக்கினால், அதிகம் போனால் 13 முறையில் ஒரே பதிவுக்கு வந்துவிடலாம். இரண்டு பாதிகளிலுமே பிழை மறைந்துவிட்டால், இரண்டு பதிவுகள் சேர்ந்திருந்தால்தான் அது வருகிறது என்று பொருள். அப்போது பாதியாக அல்லாமல், கால்வாசி கால்வாசியாக நீக்கிப் பார்க்க வேண்டும்.

என்னிடம் இருந்த இரண்டு நூல்களில் கடலை நூலையும் நீக்கினேன். ‘கடலை’ என்று தேடினால் கடல் நூல் அப்போதும் வந்தது. அடுத்து அந்த நூலின் ஆசிரியர் பெயர், விலை, அலமாரி எண், வகை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தேன், வந்துகொண்டே இருந்தது. தலைப்பில் இருந்த மற்றச் சொற்களை அழித்துக் ‘கடல்’ என்பதை மட்டும் விட்டேன், அப்போதும் வந்தது. தலைப்பையே காலியாக்கிச் சேமித்துப் பார்த்தபோது மென்பொருள் சட்டென்று மூடிக்கொண்டது.

இந்த இடத்தில் புதியவர்கள் பலர் வழிதவறுவதைப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் மூடிக்கொள்வது தவறான தேடல் விளைவைவிடப் பெரிய குற்றமாகத் தெரிவதால், நாம் துரத்திவந்த பிழை அதுதான் என்று எண்ணி அதன் பின்னால் போய்விடுவார்கள். அது வேறு பிழை. நூலகர் கண்டது மூடிக்கொண்ட திரையை அன்று, வேண்டாத நூல்களை. ஒவ்வொரு நீக்கலுக்குப் பிறகும் ‘பிழை வருகிறதா’ என்று மட்டும் கேட்காமல், ‘அதே பிழை வருகிறதா’ என்று கேட்க வேண்டும். மூடிக்கொண்டதைத் தனித்தாளில் குறித்துவிட்டுத் தலைப்பில் ‘கடல்’ என்பதைத் திரும்ப இட்டேன்.

நான்காம் படி: யாரும் மறுக்க முடியாத எதிர்பார்ப்பு

இப்போது என் கையில் ஒரு நூல், ஒரு சொல், மூன்று செயல்கள் மட்டுமே இருந்தன. ‘எதிர்பார்த்த விளைவு: கடல் என்ற நூல் வரக் கூடாது’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள், என்னைப் போலவே அறிக்கைகளைப் பார்க்கும் தன்னார்வலர் ஒருவர் அதை ‘பிழை அன்று’ என்று மூடிவிட்டார். அவர் எழுதிய காரணம்: “கடலை என்பது கடல் என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவம்தானே? ‘கடலைப் பார்த்தேன்’ என்கிறோம். வேர்ச்சொல்லைக் கொண்டு தேடும் மென்பொருள் இப்படிக் காட்டுவது இயல்பு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் அவர் சொன்னது இலக்கணப்படி சரி. தவறு என்னுடையதுதான். செய்படிகளைச் சுருக்குவதில் காட்டிய கவனத்தை எதிர்பார்த்த விளைவில் காட்டவில்லை. நாம் எதிர்பார்ப்பதற்கு ஓர் அடிப்படை வேண்டும்: மென்பொருளின் கையேடு அப்படிச் சொல்லியிருக்கலாம், அதே மென்பொருள் இன்னோர் இடத்தில் அப்படி நடந்துகொள்ளலாம், அல்லது பொது அறிவுள்ள எவரும் வேறுவிதமாகக் கருத வாய்ப்பில்லாமல் இருக்கலாம். இவற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் அது நம் விருப்பம். விருப்பத்தை அறிக்கையாக எழுதினால் விவாதம்தான் நடக்கும்.

ஆகவே எடுத்துக்காட்டை மாற்றினேன். கடலுக்கும் கடலைக்கும் இருப்பதுபோன்ற இலக்கண உறவு இல்லாத ஒரு சொல் இணை தேவைப்பட்டது. ‘பலா’ என்று தேடி, ‘பல்’ என்ற தலைப்பு வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. பல் என்பது எந்த வேற்றுமையிலும் பலா ஆகாது. நூலகரின் முழுப் பட்டியலில் ‘பலா’ என்று தேடியபோது ‘கப்பல்’ என்ற சொல் உள்ள தலைப்புகளும் வந்தன.

முன்னெழுத்துகள் ஒத்திருந்தால் போதும் என்று இந்த மென்பொருள் எடுத்துக்கொள்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டியிருந்தது. `palm` என்ற தலைப்பைச் சேர்த்து `pal` என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. முழுச்சொல் பொருந்தினால்தான் காட்டுவது என்பது இதன் விதி என்று இதிலிருந்து தெரிந்தது. என் எதிர்பார்ப்புக்கு இப்போது அதே மென்பொருளின் நடத்தையே சான்று.

ஐந்தாம் படி: எழுதுதல்

செய்படிகளில் ஒவ்வோர் எண்ணுக்கும் நூல் சேர்ப்பது, தேடுவது போன்ற ஒரு வேலைதான் இருக்க வேண்டும், பொத்தானின் பெயர் திரையில் உள்ளபடியே இருக்க வேண்டும், தட்ட வேண்டிய சொல் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். தொடங்கும் நிலையை முதற்செயலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘ஏற்கெனவே உள்ள பட்டியலில்’ என்று தொடங்கினால், அந்தப் பட்டியல் படிப்பவரிடம் இருக்காது. கிடைத்த விளைவில் ‘தவறாக வருகிறது’, ‘குழப்பமாக இருக்கிறது’ போன்ற சொற்களுக்கு இடமில்லை; திரையில் தெரிந்த எண்ணையும் சொல்லையும் எழுத வேண்டும். பிழைச் செய்தி ஏதேனும் வந்திருந்தால் அதைச் சுருக்காமல், மொழிபெயர்க்காமல் அப்படியே ஒட்ட வேண்டும். என் இரண்டாம் அறிக்கை இது:

> தலைப்பு: ‘பலா’ என்று தேடினால் ‘பல்’ என்ற தலைப்புள்ள நூல் வருகிறது
>
> சூழல்: பதிப்பு 2.3, விண்டோஸ் 10
>
> செய்படிகள்:
> 1. ‘புதிய பட்டியல்’ பொத்தானை அழுத்திக் காலிப் பட்டியலைத் திறக்கவும்.
> 2. ‘நூல் சேர்’ பொத்தானை அழுத்தி, தலைப்பாகப் பல் என்று மட்டும் இட்டுச் சேமிக்கவும்.
> 3. தேடல் பெட்டியில் பலா என்று இட்டு, ‘தேடு’ பொத்தானை அழுத்தவும்.
>
> எதிர்பார்த்த விளைவு: ‘0 நூல்கள்’ என்று காட்ட வேண்டும். (தலைப்பு `palm` ஆகவும் தேடும் சொல் `pal` ஆகவும் இருக்கும்போது அவ்வாறே காட்டுகிறது.)
>
> கிடைத்த விளைவு: ‘1 நூல்’ என்று காட்டி, பல் என்ற நூலைப் பட்டியலிடுகிறது. 10 முறையில் 10 முறையும் இப்படியே. தலைப்பு ‘கப்பல்’ என்று இருந்தாலும் வருகிறது.

அறிக்கையின் தலைப்பை நான் எப்போதும் கடைசியில்தான் எழுதுகிறேன். செய்படியும் கிடைத்த விளைவும் உறுதியான பிறகு, அவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தால் அதுவே தலைப்பாகிவிடும். அனுப்பும் முன், இந்த மென்பொருளையே பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, நான் வாய்திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொன்னேன். இரண்டாம் செயலில் தலைப்பைத் தட்டிவிட்டு ‘அடுத்து என்ன?’ என்று கேட்டார். ‘இட்டுச் சேமிக்கவும்’ என்று இப்போது இருக்கும் இடத்தில் வெறும் ‘இடவும்’ என்று எழுதியிருந்தேன். சேமித்தல் எனக்குப் பழக்கமாகிவிட்டதால், அது ஒரு செயல் என்பதே கண்ணில் படவில்லை.

காரணம் அறிக்கைக்கு வெளியே

இந்த அறிக்கை போய்ச் சேர்ந்த அன்று மாலையே நிரலாளர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்டது. தலைப்பைச் சொற்களாகப் பிரிக்க `\w+` என்ற குறியீட்டைப் பயன்படுத்தியிருந்தார். பைத்தானின் `re` தொகுதியில் இது எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும். தமிழின் துணைக்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் அல்லாமல் குறி வகையில் வைக்கப்பட்டிருப்பதால், அவை வரும் இடத்திலெல்லாம் சொல் உடைந்துவிடும்.

```python
import re
print(re.findall(r"\w+", "பலா பல் கப்பல்"))
# ['பல', 'பல', 'கப', 'பல']
```

பலாவின் காலும் பல்லின் புள்ளியும் உதிர்ந்து, இரண்டும் ‘பல’ ஆகிவிட்டன. கப்பலோ நடுவில் இருந்த புள்ளியில் உடைந்து, ‘கப’, ‘பல’ என்று இரண்டாயிற்று. நூலகர் கருதிய எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. என் மனத்திலும் ஒரு காரணம் இருந்தது. கப்பல் வந்ததைப் பார்க்கும் வரை, தேடல் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் ஒப்பிடுகிறது என்று நினைத்திருந்தேன். அதை அறிக்கையில் எழுதியிருந்தால் நிரலாளர் ஒப்பிடும் பகுதியைத் தேடிக்கொண்டிருந்திருப்பார். பிழை இருந்தது சொல் பிரிக்கும் பகுதியில். காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், மூன்று பகுதிகளுக்கும் கீழே, ‘என் ஊகம்’ என்று தெளிவாகக் குறித்து எழுதலாம்.

திருத்தம் வந்த பிறகு

திருத்திய பதிப்பு வந்ததும் அதே மூன்று செயல்களை, ஓர் எழுத்தும் மாற்றாமல், மீண்டும் செய்ய வேண்டும். ‘0 நூல்கள்’ என்று காட்டியது. அந்த அறிக்கையை மூடினேன். ஆனால் நூலகர் முதலில் கேட்டது பலாவை அன்று, கடலையை. ஆகவே அவருடைய 4,200 நூல்கள் கொண்ட பட்டியலில் ‘கடலை’ என்று தேடினேன். முன்பு வந்த 23 நூல்களில் உண்மையிலேயே கடலை பற்றியவை மூன்று. இப்போது ஒன்றுதான் வந்தது.

விடுபட்ட இரண்டில் ஒன்றின் தலைப்பில் ‘கடலைச் சாகுபடி’ என்றும், மற்றொன்றில் ‘நிலக்கடலை’ என்றும் இருந்தது. பழைய பதிப்பில் சொற்கள் உடைந்து கிடந்த காரணத்தினாலேயே இவை தற்செயலாகக் கிடைத்துவந்தன. இப்போது சொற்கள் முழுமையாக நிற்பதால், வல்லினம் மிக்க ‘கடலைச்’ என்பது ‘கடலை’ என்பதோடு பொருந்தவில்லை. நூலகர் தொலைபேசியில் அழைத்து, “முன்னாடி 23 வந்தது, அதில் தேடி எடுத்துக்கொள்ளலாம், இப்போது ஒன்றுதான் வருகிறது, இதைச் சரிசெய்தோம் என்கிறீர்களா?” என்று கேட்டார்.

இதற்கும் செய்படிகளும் கிடைத்த விளைவும் எளிதாகவே எழுத வருகின்றன: ‘கடலைச்’ என்று ஒரு தலைப்பு, ‘கடலை’ என்று ஒரு தேடல், ‘0 நூல்கள்’. எதிர்பார்த்த விளைவில்தான் கை நிற்கிறது. மிகுந்து வரும் ஒற்றை நீக்கிப் பொருத்த வேண்டும் என்பதா, சொல்லின் நடுவிலும் தேட வேண்டும் என்பதா, அப்படித் தேடினால் ‘பல்’ என்று தேடுபவருக்குக் கப்பல் மீண்டும் வருமே என்பதா என்று நூலகரும் நிரலாளரும் முதலில் பேசி முடிவுசெய்ய வேண்டும். எனவே அதைப் பிழை அறிக்கையாக அல்லாமல் வசதிக் கோரிக்கையாகப் பதிந்தேன். தலைப்பு காலியாக இருக்கும்போது மென்பொருள் மூடிக்கொள்வதற்குத் தனி அறிக்கை எழுதினேன். அதற்கு இரண்டு செயல்களே போதுமானவையாக இருந்தன.